டாலர் ஏறிய வாரத்தில் ஒரு பருப்பு பேரம்

2022 மார்ச் 7, திங்கட்கிழமை இரவு, இலங்கை மத்திய வங்கி டாலரின் கட்டை அவிழ்த்து விட்டது. முந்தைய செப்டெம்பரிலிருந்து 203 ரூபாய்க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருந்த டாலர், இனி 230 வரை போகலாம் என்று அறிவித்தார்கள். அந்த 230 சில நாட்கள்கூடத் தாங்கவில்லை. வாரம் முடிவதற்குள் 260-ஐத் தாண்டியது, மாத இறுதியில் 300-ஐ நெருங்கியது, மே நடுப்பகுதியில் 360-க்கும் மேலே நின்றது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் 230 என்ற ஓர் எண்ணும், அதை யாரும் நம்பவில்லை என்பதும்தான்.

எனக்கு வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடை. பருப்பு, செத்தல் மிளகாய், சீனி எல்லாம் கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையில் எடுப்பேன். பருப்புக்குப் பல வருடங்களாக ஒரே இறக்குமதியாளர்தான். தெருவில் எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். இந்த அறிவிப்புக்கு முந்தைய சனிக்கிழமை அவரிடம் 25 கிலோ மூடை 80 கேட்டிருந்தேன். விலை கிலோ 245. அன்றைக்கே 30 மூடை பில்லோடு கடைக்கு வந்துவிட்டது, அதற்கு ஒரு மாதத் திகதி போட்டு செக்கும் கொடுத்தாயிற்று. மிச்சம் 50 மூடை அவருடைய ஸ்டோரில் இருந்தது. அதற்குப் பில் இல்லை, டெலிபோனில் பேசிய வார்த்தை மட்டும்தான்.

செவ்வாய் காலை ஹாஜியாரே எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ராவு நியூஸ் பார்த்தீங்கதானே. மிச்சப் பருப்பு 290."

நான் போனில் எதுவும் சொல்லவில்லை. "நேரில வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். இப்படியான நாட்களில் போனில் விலை பேசினால் எதிர்ப்பக்கம் ஒரு வினாடியில் "அப்ப சரக்கு இல்ல" என்று சொல்லி வைத்துவிடலாம். முகத்துக்கு நேரே அது அவ்வளவு சுலபமில்லை.

போகும் வழியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குத்தான் பிறகு நடந்த பேச்சு முழுவதையும் நடத்தியது, ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பருப்பு கொழும்புத் துறைமுகம் வந்து சேரும்போது டன் 950 டாலர் அளவில் விழுகிறது என்று தரகர்கள் சொல்லியிருந்தார்கள். அதாவது கிலோவுக்கு 95 டாலர் சதம். வங்கிப் பலகையில் எழுதியிருந்த 203-ஆல் பெருக்கினால் 193 ரூபாய். அதற்குமேல் வரி, கிளியரிங், லொறி, மூடை தூக்கும் நாட்டாமி கூலி, ஸ்டோர் வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ஒரு 14 ரூபாய். ஹாஜியாரின் லாபம் கிலோவுக்கு ஏழு எட்டு ரூபாய் என்பது தெருவுக்கே தெரியும். எல்லாம் கூட்டினால் 215 வருகிறது. ஆனால் அவர் சனிக்கிழமை எனக்குச் சொன்ன விலை 245. நடுவில் இருக்கும் 30 ரூபாய் எங்கே போனது?

அவர் என்னை ஏமாற்றவில்லை. 203-க்கு டாலர் என்பது அப்போது பலகையில் மட்டும்தான் இருந்தது. வங்கிக்குப் போனால் டாலர் இல்லை, வரிசையில் நில்லுங்கள் என்பார்கள். துறைமுகத்தில் கட்டுவதற்கு டாலர் இல்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் தேங்கிக் கிடந்த காலம் அது. டாலர் கிடைத்தவர்கள் மேலே ஏதாவது கொடுத்துத்தான் எடுத்தார்கள். ஆகவே 245-லிருந்து லாபத்தையும் உள்ளூர்ச் செலவையும் கழித்து, மிச்சத்தை 95 சதத்தால் வகுத்தால் அவர் மனதில் போட்டிருக்கும் டாலர் விலை வந்துவிடும். வந்தது: கிட்டத்தட்ட 235. திங்கள் இரவு அறிவித்த 230-ஐ விட அது அதிகம்! அறிவிப்பின்படி பார்த்தால் பருப்பு ஏறியிருக்கவே கூடாது.

புறக்கோட்டை அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. நாட்டாமிமார் வண்டியைச் சரித்து வைத்துவிட்டுச் சும்மா நின்றார்கள். பல ஸ்டோர்களில் கதவு பாதி இறங்கியிருந்தது. சரக்கு இருக்கிறது, விலை இல்லை. ஹாஜியார் மேசையில் மூன்று போன் வைத்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி சொன்னார்.

"ஹாஜியார், சனிக்கிழமை 245 எண்டுதானே கதைச்சனாங்கள்."

"கதைச்சதுதான். நான் மறுக்கயில்ல. அந்த 30 மூடை உங்கட. பில் அடிச்சாச்சி, முடிஞ்சி. மிச்சம் 50-ஐ 245-க்குத் தந்தா, அந்தக் காசில நான் திரும்ப 40 மூடைகூட எடுக்க ஏலா."

இறக்குமதியாளர் சொல்லும் முதல் வாதம் எப்போதும் இதுதான். விற்ற காசில் அதே அளவு சரக்கை மறுபடி வாங்க முடியாவிட்டால், லாபம் என்று எழுதினாலும் அது முதல் கரைவதுதான். இதைப் பொய் என்று சொல்லித் தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் அதை ஒப்புக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்:

"அது அடுத்த கொள்கலன்ர கதை. இந்தச் சரக்குக்குக் காசு கட்டியாச்சோ?"

கொஞ்சம் யோசித்தார். "முழுக்க இல்ல. முப்பது வீதம் ஜனவரியில அனுப்பினேன். மிச்சம் பில் ஏப்ரலில."

அவர் உண்மையைச் சொன்னது அவருடைய குணம். ஆனால் சொல்லாமல் விட்டிருந்தாலும் ஓரளவு பிடித்திருக்கலாம். ஸ்டோரில் அடுக்கியிருந்த மூடைகளில் அச்சடித்திருந்த தொகுதி எண், சனிக்கிழமை என் கடைக்கு வந்த 30 மூடையிலும் இருந்த அதே எண். ஆகவே இது அறிவிப்புக்கு முன்பே துறைமுகத்தை விட்டு வெளியே வந்த சரக்கு. வரி பழைய கணக்கில் கட்டியாயிற்று. லொறியும் கூலியும் கொடுத்தாயிற்று. துறைமுகத்தில் தங்கவில்லை, ஆகவே டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் இல்லை. அன்றைக்குப் பல இடங்களில் இந்தச் செலவுகளையெல்லாம் டாலர் என்ற ஒரே பெயரில் ஏற்றிச் சொன்னார்கள். உண்மையில் இந்த மூடைகளில் டாலரோடு சேர்ந்து ஏறக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் கட்டாத எழுபது வீதம்.

கிலோவுக்கு 95 டாலர் சதத்தில் எழுபது வீதம் என்றால் 66.5 டாலர் சதம். அதாவது டாலர் 10 ரூபாய் ஏறினால் இந்தப் பருப்பு கிலோவுக்கு 6 ரூபாய் 65 சதம்தான் ஏறவேண்டும். முழுக்கக் கட்டாத சரக்காக இருந்தால் 9.50 ஏறும். முழுக்கக் கட்டிய சரக்காக இருந்தால் ஒன்றும் ஏறாது. ஒரே தெருவில், ஒரே நாளில், ஒரே பருப்புக்கு மூன்று நியாயமான விலை இருக்கலாம் என்பது இதனால்தான்.

மேசையில் கிடந்த ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன்.

"ஹாஜியார், நீங்க கேக்கிற 290-க்கும் 245-க்கும் 45 ரூபாய் வித்தியாசம். கட்டாத பங்கில வகுத்தா, டாலர் 302 எண்டு போட்டிருக்கிறீங்கள். ராத்திரி 230 எண்டுதான் சொன்னவங்கள்."

சிரித்தார். "தம்பி, 230-க்கு எந்த பேங்க் டாலர் தருது எண்டு ஒரு பேரச் சொல்லுங்க, நான் இப்பவே 245-க்குத் தாறன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கேதான் பேச்சு விலையை விட்டு வேறு இடத்துக்குப் போனது. எனக்குத் தெரியாத ஒன்றை அவருக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கும் ஏப்ரல் டாலர் தெரியாது. அவர் 302 என்பது பயத்தின் விலை. நான் 235 என்பது ஆசையின் விலை. இரண்டு பேரும் எதிர்கால டாலரைப் பேரம் பேசிக்கொண்டிருந்தால் பொழுது போகும், மூடை நகராது. ஆகவே எந்த டாலர், எந்த வங்கியில், எந்த நாளில் பார்ப்பது என்று மட்டும் பேசுவோம் என்றேன்.

"என்னெண்டு?"

"மூடை ஏத்திற நாளில, உங்கட கணக்கு இருக்கிற பேங்க் பலகையில இருக்கிற விற்பனை விலையப் பாப்பம். 235-க்கு மேல 10 ரூபாய் ஏறினா கிலோவுக்கு 6.50 கூட்டுவம்."

"6.65 எண்டுதானே எழுதினீங்க?"

"15 சதம் எனக்கு விடுங்கோ."

"சரி. ஆனா கீழ 245-க்கு இறங்காது. 230 எண்டு பலகையில எழுதி வச்சிட்டு என்ட கைய வெட்டக் கூடா."

"அப்ப மேலயும் ஒரு மட்டம் வேணும். டாலர் எங்க போனாலும் 285-க்கு மேல நான் தரேலாது."

மேல் மட்டத்துக்கு அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதில் ஆபத்து இருக்கிறது, எனக்குக் கீழ் மட்டத்தில் பெரிய ஆபத்து இல்லை. சமமில்லாத பேரம்தான். அதைச் சமமாக்க அவர் நாளைப் பிடித்தார்: வெள்ளிக்கிழமைக்குள் மூடை ஏற வேண்டும், ஏறாவிட்டால் பேச்சு ரத்து. மூன்று நாளுக்கு ஒரு மேல் மட்டம் கொடுக்கலாம், மூன்று வாரத்துக்குக் கொடுக்க முடியாது. இது நியாயமாகவே பட்டது.

அப்புறம் அவர் அசல் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த 30 மூடைக்கு நீங்க தந்த செக், ஏப்ரல் திகதி. விலைய நான் தொடயில்ல. திகதியத் தொடுறன். இந்தக் கிழமை காசாத் தாங்க."

புறக்கோட்டையில் முப்பது, நாற்பத்தைந்து நாள் செக்கில்தான் எங்கள் போன்ற கடைகள் ஓடும். டாலர் அசையாமல் இருந்தபோது அந்தத் தவணை வெறும் பழக்கமாக இருந்தது. டாலர் வாரத்துக்கு இருபது முப்பது ரூபாய் ஏறும்போது அந்த ஒரு மாதம் பெரிய பணம். நான் 245 ரூபாயை ஏப்ரலில் கொடுத்தால், அவர் கைக்கு வரும்போது அது மார்ச் மாதத்து 245 அல்ல. விலையை விட்டுக்கொடுத்தாலும் தவணையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் நின்றது சரிதான். எனக்கும் அது வசதியாக இருந்தது. என்னிடம் இருந்த ஒரே பலம் கடையில் தினமும் விழும் ரொக்கம். அதைத் தவணையைக் குறைக்கப் பயன்படுத்தினால் விலையில் ஏதாவது கிடைக்கும்.

"காசாத் தாறன். அப்பிடியெண்டா மிச்ச 50-ல 20 மூடைய இண்டைக்கே ஏத்துறன், அதுவும் கைக் காசு. அதுக்குப் பலகை பாக்காம ஒரு விலை சொல்லுங்கோ."

"265."

"250."

"தம்பி, உம்மாவுக்குக்கூட 250-க்குக் குடுக்க ஏலா."

255-இல் நின்றது. கணக்குப்படி அதற்குள் இருந்த டாலர் கிட்டத்தட்ட 250. அன்றைய நிலையில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வலிக்கிற விலை.

இறுதியில் ஒரு பில் தாளில் மூன்று வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் 30 மூடை 245, செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வியாழனுக்குள் காசு. அடுத்த 20 மூடை 255, அன்றே காசு. கடைசி 30 மூடை வெள்ளிக்குள், பலகை விலைப்படி, 245-க்கும் 285-க்கும் நடுவில். எந்த வங்கி, காலை எத்தனை மணிப் பலகை என்பதையும் எழுதச் சொன்னேன். ஹாஜியார் அதற்குக் கொஞ்சம் முகம் சுளித்தார், இத்தனை வருடத்தில் எங்களுக்குள் எழுத்து இருந்ததில்லை. ஆனால் அந்த வாரம் பலகை விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாறியது. நேரம் எழுதாமல் விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாங்கள் பார்த்த பலகையில் 265. 235-லிருந்து 30 ரூபாய் ஏற்றம், பத்துக்கு 6.50 வீதம் 19.50. கிலோ 264.50. பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 20 மூடைக்கு 1,27,500, கடைசி 30 மூடைக்கு 1,98,375, மொத்தம் 3,25,875 ரூபாய். அவர் முதலில் கேட்ட 290-இல் இந்த 50 மூடைக்கு 3,62,500 போயிருக்கும். சனிக்கிழமை பேசிய விலையில் 3,06,250 முடிந்திருக்கும். பழைய விலைக்கு மேல் இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கூடக் கொடுத்தேன்.

பேரத்தில் சிரமம் விலை அல்ல, காசு. செக்குக்குப் பதில் காசாகக் கொடுத்த முதல் 30 மூடையையும் சேர்த்தால் அந்த ஒரு வாரத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் போனது. சவர்க்காரம், பிஸ்கட் காரரை எல்லாம் அடுத்த வாரம் வரச் சொன்னேன். இதை எல்லாச் சரக்குக்கும் செய்ய முடியாது. எது தினமும் ஓடுமோ, எதற்குக் கடைக்கு வரும் ஆள் கட்டாயம் வருவாரோ, அதற்கு மட்டும்தான் தவணையை விட்டு ரொக்கம் கொடுக்கலாம். பருப்பு அப்படிப்பட்டது. வாசனைச் சோப்புக்கு இதைச் செய்திருந்தால் காசு அலுமாரியில் தூங்கியிருக்கும்.

கடையில் பருப்பை என்ன விலைக்கு விற்பது என்பது வேறு தலைவலி. அச்சிட்ட விலை உள்ள பெட்டிச் சாமான்களுக்கு அந்த விலைக்கு மேல் வாங்க முடியாது, அது சட்டம். பருப்பு மூடையைப் பிரித்து நிறுத்துக் கொடுப்பது, அங்கே விலை நம் கையில். மூன்று விலையில் வந்த 80 மூடையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் கிலோ 255-க்குக் கொஞ்சம் கீழே வரும். அதற்குமேல் வழக்கமான லாபம் வைத்து ஒரே விலையாக விற்றேன். பழைய மூடை முடியும்வரை பழைய விலை, பிறகு புது விலை என்று விற்ற கடைகளும் இருந்தன. அங்கே மலிவு மூடை ஒரே நாளில் காலியானது, வாங்கியவர்களில் பாதிப் பேர் வேறு கடைக்காரர்கள்.

சரி, ஹாஜியாருக்கு என்ன ஆனது? ஏப்ரலில் அவருடைய பில் நாள் வந்தபோது டாலர் 300-ஐத் தாண்டியிருந்தது. என் கணக்கின்படியே பார்த்தால் 300-இல் அந்தப் பருப்பின் நியாய விலை 288. அவர் செவ்வாய்க்கிழமை காலை கண்ணை மூடிக்கொண்டு சொன்ன 290 கிட்டத்தட்ட அதுதான்! பிறகு ஒருநாள் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. காரணம் அவரே சொன்னார். எங்களைப் போன்ற கடைகளிடமிருந்து அந்த வாரம் திரண்ட ரொக்கத்தை வங்கியில் காட்டி, டாலர் கிடைத்த அன்றே பில்லில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டிவிட்டாராம். அந்தப் பகுதிக்கு 300 கொடுக்க வேண்டி வரவில்லை. 290-இல் பிடிவாதமாக நின்று ஏப்ரல் செக் வாங்கியவர்களுக்குப் பெயருக்கு விலை கிடைத்தது, காசு வந்தபோது டாலர் போய்விட்டது.

அதே தெருவில் வேறு விதமாகவும் நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், சனிக்கிழமை வார்த்தை வார்த்தைதான், 245-க்கு ஒரு சதம் கூட்ட மாட்டேன் என்று நின்றார். அவருடைய இறக்குமதியாளர் சண்டை போடவில்லை. "சரி, மூடை வந்ததும் அனுப்புறன்" என்றார். மூடை வரவேயில்லை. பில் இல்லாத சரக்குக்கு வார்த்தையைப் பிடித்து இழுத்தால் இதுதான் முடிவு. எதிர்ப்பக்கம் மறுக்க வேண்டிய அவசியமே இல்லை, தாமதித்தால் போதும். இன்னொருவர் பயந்துபோய் 290-க்கு அள்ளினார், அதுவும் முழுக்கக் காசு கட்டி முடிந்த பழைய சரக்கை. காசு கட்டியாச்சா என்று அவர் கேட்கவில்லை.

மே மாதத்துக்குப் பிறகு இந்த மாதிரிப் பேச்சுக்கே இடம் குறைந்தது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் கடனுக்கு எடுத்துப் பிறகு கட்டும் திறந்த கணக்கு முறையை அரசாங்கம் நிறுத்தியது. அப்புறம் புறக்கோட்டையில் தவணை என்ற பேச்சே எடுபடவில்லை, காசு வைத்தால் மூடை ஏறும். கட்டாத பங்கு என்று ஒன்று இல்லாதபோது என் கணக்குக்கும் வேலையில்லை, அன்றைய விலைதான் விலை.

2023 மார்ச்சில் டாலர் திடீரென்று மறுபக்கம் சரிந்தது. 360-இல் நின்றது சில நாட்களில் முப்பது ரூபாய்க்கு மேல் இறங்கியது. நான் ஹாஜியாரிடம் போய், இப்போது கழியுங்கள் என்றேன்.

"இந்தச் சரக்குக்குக் காசு கட்டியாச்சா எண்டு கேளுங்க தம்பி" என்றார்.

கேட்டேன். முழுக்கக் கட்டியிருந்தார், 360-க்கும் மேலே. தொகுதி எண்ணைப் பார்த்தேன், முந்தைய மாதச் சரக்குத்தான். சொன்ன விலைக்கே பத்து மூடை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த கொள்கலன் வரும்வரை மிச்சத்தை நிறுத்தி வைத்தேன்.